காணியாட்சியா, மிராசா? காஞ்சிபுரம் வட்டார ஆவணங்கள் வழி அரபு, பாரசீகக் கடன்சொற்களின் மொழிபெயர்ப்புத் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

அரபு, பாரசீக மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்த சொற்களைத் தூய தமிழ்ச் சொற்களால் மாற்றுவது ஆட்சித் தமிழில் பெரும்பாலும் வெற்றி பெற்றுள்ளது. வரலாற்று ஆவணம், தீர்ப்பு, வணிக விவரம் ஆகியவற்றை மொழிபெயர்க்கும்போது இம்மாற்றம் சில இடங்களில் பொருளையே மாற்றிவிடுகிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தின் நில ஆவணங்களிலும் கோயில் வழக்குகளிலும் வழங்கும் ‘மிராசு’ என்னும் சொல்லை முதன்மைச் சான்றாகவும், ‘பசலி’, ‘வசூல்’, ‘சரிகை’ ஆகியவற்றைத் துணைச் சான்றுகளாகவும் கொண்டு, கடன்சொல்லை எங்கே காப்பது, எங்கே விடுவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: கடன்சொல், மிராசு, காணியாட்சி, பசலி, சரிகை, செங்கல்பட்டு சாகீர், மொழிபெயர்ப்பு

சிக்கல்

தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். ஜில்லா மாவட்டம் ஆயிற்று. சிபாரிசு பரிந்துரை ஆயிற்று. இம்மாற்றங்களால் எவருக்கும் பொருள் மயக்கம் நேரவில்லை. பழைய சொல் எதைச் சுட்டியதோ அதையே புதிய சொல்லும் சுட்டியது. அரசாணையும் பாடநூலும் அதனை நிலைநிறுத்தின. இந்த வெற்றி மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு பழக்கத்தை உண்டாக்கியிருக்கிறது. அரபு, பாரசீக மூலமுடைய சொல்லைக் கண்டதும் அதற்கு நேரான தமிழ்ச்சொல் ஒன்று இருந்தே தீரும் என்று கொள்வதே அப்பழக்கம்.

இரு சொற்கள் ஒரே பொருளைச் சுட்டுகின்றன என்பது அகராதி தரும் தோற்றம். ஒரு மொழியில் கடன்சொல்லும் பூர்விகச் சொல்லும் நெடுங்காலம் அருகருகே வழங்கினால், அவை பெரும்பாலும் பொருளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எது எந்தப் பங்கைப் பெற்றது என்பதைச் சொற்பிறப்பு சொல்லாது, ஆவணமே சொல்லும். அதற்குக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான வட்டாரம் தமிழகத்தில் அரிது. பல்லவர், சோழர் கல்வெட்டுகளும், ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்கால வழக்குகளும், கும்பினியாரின் வருவாய் அறிக்கைகளும் அங்கு ஒரே நிலத்தைப் பற்றிப் பேசுகின்றன.

சாகீர் நிலத்தில் ஒரு சொல்

1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, சென்னையைச் சூழ்ந்த பெரும்பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்குச் சாகீராக அளித்தார். காஞ்சிபுரமும் அதனுள் அடங்கியது. பிற்காலச் செங்கல்பட்டு மாவட்டம் இதிலிருந்தே உருவாயிற்று. சாகீர் என்பது ஒரு நிலப்பகுதியின் வருவாயைப் பெறும் உரிமையைக் குறிக்கும் பாரசீகச் சொல். இதனை ‘மானியம்’ என்று பெயர்ப்போர் உளர். மானியம் என்பது ஊர்ப் பணியாளருக்கோ கோயிலுக்கோ வரி நீக்கி விடப்பட்ட நிலம். இன்றைய வாசகருக்கோ அது உரத்துக்கும் எரிவாயுவுக்கும் அரசு தரும் உதவித்தொகை. இரண்டுமே 1763-இல் நிகழ்ந்ததைக் காட்டமாட்டா. மேலும், சாகீர் என்பதே கும்பினி ஆவணங்களில் அந்நிலப்பகுதியின் பெயராகிவிட்டது. பெயரை மொழிபெயர்க்க இயலாது.

இச்சாகீரின் ஆட்சியராக 1794 முதல் 1798 வரை இருந்த லயனல் பிளேஸ் 1799-இல் தம் விரிவான அறிக்கையை அளித்தார். காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு அணிகலன் அளித்தவராக அவர் இன்றும் அவ்வூரில் நினைக்கப்படுகிறார். வருவாய் வரலாற்றில் அவர் பெயர் நிற்பது மிராசு பற்றிய அவருடைய வாதத்தாலும், தம்மோடு ஒத்துவராத மிராசுதார் சிலரின் உரிமையை நீக்கிப் பாயக்காரிகளுக்கு அளித்த செயலாலும் ஆகும். மிராசு என்பது என்ன வகை உரிமை என்ற கேள்வி அதன்பின் அடங்கவில்லை. சென்னை அரசு அதுபற்றிப் பதினேழு வினாக்களை எழுப்ப, சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸ் எழுதிய விடைகள் 1818-இல் நூலாயின. திராவிட மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று 1816-இலேயே எடுத்துக்காட்டிய அதே எல்லிஸ்தான் இவர். அந்நூலின் ஆக்கத்தில் பங்கேற்ற சங்கரையா, எல்லிசின் அலுவலகச் சிரஸ்தாராக இருந்தவர். சிரஸ்தார் என்பதும் பாரசீகச் சொல்லே.

எல்லிஸ் முதலில் செய்தது ஒரு மொழிபெயர்ப்பாளரின் வேலை. மிராசு என்பது மரபுரிமைச் சொத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லடியாகப் பிறந்தது என்றும், தமிழில் அவ்வுரிமைக்கு வழங்கும் பெயர் காணியாட்சி என்றும் அவர் காட்டினார். சொல் புதிது, உரிமை பழையது என்பதே அவ்வாதத்தின் உட்பொருள். அவ்வாறாயின், 1799 அறிக்கையைத் தமிழாக்குபவர் ‘மிராசு’ வரும் இடமெல்லாம் ‘காணியாட்சி’ என்று எழுதிவிடலாம் அன்றோ?

எழுதக்கூடாது என்பதற்குக் காரணம் மூன்று. முதலாவது, மூலம் எழுதப்பட்ட காலத்தில் இரு சொற்களும் வழக்கில் இருந்தன. ஆட்சியர் அலுவலகம் ஒரு சொல்லையும் ஊரார் ஒரு சொல்லையும் ஆண்டனர். இரண்டும் ஒன்றே என்பது எல்லிஸ் வாதிட்டு நிறுவ வேண்டியிருந்த கருத்து. மொழிபெயர்ப்பு மிராசைக் காணியாட்சி என்று முன்கூட்டியே மாற்றிவிட்டால், எல்லிசின் வாக்கியம் ‘காணியாட்சி என்பது தமிழில் காணியாட்சி எனப்படும்’ என்று முடியும். ஓர் ஆய்வேட்டில் மேற்கோளாக வந்த பகுதியில் இத்தகைய வெற்று வாக்கியம் தென்பட்டால், அங்கே ஒரு கடன்சொல் அழிக்கப்பட்டிருக்கிறது என்று ஐயுறலாம்.

இரண்டாவது, காணி என்னும் சொல் ஒரு பொருளோடு நிற்பதன்று. அது எண்பதில் ஒன்று என்னும் பின்னம். சென்னை வட்டாரத்தில் அது 57,600 சதுர அடி கொண்ட நில அளவு, ஏறத்தாழ 1.32 ஏக்கர். இலங்கைத் தமிழில் எந்த நிலத்துண்டும் காணிதான். ‘காணி உறுதி’ என்றால் அங்கே நிலப்பத்திரம். வருவாய் அறிக்கையில் அளவாகிய காணியும் உரிமையாகிய காணியும் ஒரே பத்தியில் வரக்கூடும். அங்கே ‘மிராசு’ என்னும் சொல் உரிமையை மட்டும் சுட்டி நின்று, வாசகரை மயக்கத்திலிருந்து காக்கிறது.

மூன்றாவது காரணம் எதிர்த் திசையிலிருந்து வருவது. மிராசைத் தவிர்க்க விரும்பும் மொழிபெயர்ப்பாளர் எல்லோரும் காணியாட்சியைத் தேடிச் செல்வதில்லை. கைக்கு எளிதாகக் கிடைக்கும் ‘நிலக்கிழார்’, ‘பண்ணையார்’, ‘நில உடைமையாளர்’ ஆகிய சொற்களை இட்டுவிடுகின்றனர். தொண்டை மண்டலத்து மிராசு என்பது வரப்பிட்டுப் பிரித்த ஒரு வயலின் உடைமை அன்று. ஊர் முழுவதிலும் ஒரு பங்கு. நன்செய், புன்செய், தோப்பு, ஊர்ப் பொதுவின் வருவாய் எல்லாவற்றிலும் அப்பங்கு செல்லும். பங்குகள் காலந்தோறும் மாற்றிப் பகிரப்பட்டால் அது பசுங்கரை; ஒருமுறை பிரித்து நிலைத்துவிட்டால் அறுதிக்கரை. அரபுப் பெயர் கொண்ட உரிமையின் உட்பிரிவுகள் முற்றிலும் தமிழ்ப் பெயர் கொண்டவை என்பது கவனிக்கத்தக்கது. இங்கே ‘கரை’ என்றால் பங்கு. அதே ஊரின் தறியிலோ சேலையின் ஓரம்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஊரின் மிராசு பன்னிரண்டு பங்குகளாக உள்ளது, அவற்றுள் இரண்டு விற்கப்பட்டன, பயிரிடுவோர் பாயக்காரிகள். இச்செய்தியை ஒரு பெயர்ப்பு ‘நிலக்கிழார்கள் பன்னிரண்டு பண்ணைகளை வைத்திருந்தனர், இரண்டு பண்ணைகள் விலைபோயின, குத்தகைதாரர் உழுதனர்’ என்று தருமாயின், வாசகர் மனத்தில் பன்னிரண்டு வேலிகள் எழும். விற்றவர் ஊரை விட்டு நீங்க, அந்நிலம் புதியவர் கைக்குப் போனது என்று அவர் எண்ணுவார். விற்பனையானது இரண்டு பங்கு உரிமை. பசுங்கரை ஊராயின் எந்த வயல் விலைபோனது என்றே சொல்ல இயலாது. மேலும் பாயக்காரி எல்லோரும் குத்தகைதாரர் அல்லர். உள்ளூரில் நிலையாகத் தங்கிய உள்குடிப் பாயக்காரிக்குச் சாகுபடி உரிமை இருந்தது. புறக்குடிப் பாயக்காரிக்கு அது இல்லை. ‘மிராசுதார்கள் ஊர் மிராசைப் பன்னிரண்டு பங்காகக் கொண்டிருந்தனர், இரண்டு பங்கு விலைபோயிற்று, உழுதவர் பாயக்காரிகள்’ என்பதே பொருந்தும் பெயர்ப்பு. முதல் இடத்தில் மட்டும் ‘காணியாட்சி எனத் தமிழில் வழங்கும் ஊர்ப் பங்குரிமை’ என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும்.

எதிரான ஒரு குறையும் சொல்லவேண்டும். மிராசுதார் என்றதும் இன்றைய வாசகருக்குக் காவிரிப் படுகையின் பெருநிலக்காரரே தோன்றுகிறார். இதற்குக் கதைகளும் திரைப்படங்களும் காரணம். ஆகவே கடன்சொல்லைக் காப்பது மட்டும் பொருளைக் காத்துவிடாது; விளக்கம் உடன் வரவேண்டும். இதே காரணத்தால், சோழர் கல்வெட்டில் உள்ள காணியை ‘மிராசு’ என்று விளக்கும் பழைய உரைகளும் ஏற்கத்தக்கன அல்ல. கும்பினிக் கால வழக்குகளின் நிழலைப் பல நூற்றாண்டு முற்பட்ட ஆவணத்தின் மேல் அவை வீழ்த்துகின்றன. கல்வெட்டுக்குக் காணி, அறிக்கைக்கு மிராசு. ஒரே ஊர், ஒரே வயல் என்பதால் சொல்லும் ஒன்றாக வேண்டியதில்லை. மிராசு பற்றிய கருத்து அதிகாரிகளும் ஊராரும் நிகழ்த்திய உரையாடலில் உருவெடுத்தது என்று யூசின் இர்சிக் 1994-இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். அவ்வாதத்தை ஏற்பவர், ஏற்காதவர் இருவருக்கும் ஆவணத்தில் எந்தச் சொல் எங்கே நின்றது என்பது தேவைப்படும் சான்று.

கோயிலுக்குள் மிராசு

மிராசு நிலத்தோடு நின்றுவிடவில்லை. கோயில் பணிகளின் உரிமைக்கும் அப்பெயரே வழங்கியது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதும் பணி தொடர்பாக வடகலையார், தென்கலையாரிடையே 19-ஆம் நூற்றாண்டு முதல் நடந்துவரும் வழக்குகளில் ‘அத்தியாபக மிராசு’ என்பதே மையச் சொல். சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகளில் அது மீண்டும் மீண்டும் வருகிறது. முதற்பகுதி வடமொழி, பிற்பகுதி அரபு வழி, ஓதப்படுவது தமிழ்.

இத்தீர்ப்புகளைத் தமிழாக்குவோர் இங்கே தடுமாறுவது இயல்பு. காணியாட்சி என்றால் நிலமாகிவிடும்; ஆகவே அது பொருந்தாது என்பது உடனே தெரியும். ‘பரம்பரை உரிமை’ என்பது பொருத்தமாகத் தோன்றும், ஆபத்தும் அங்கேதான். மிராசின் வேர்ப்பொருள் மரபுரிமைச் சொத்து என்பது உண்மையே. எனினும் இவ்வழக்கில் பேசப்படுவது தந்தை வழி மகனுக்கு வரும் ஒரு குடும்பத்துச் சொத்து அன்று. அவ்வூரில் வாழும் ஒரு பிரிவினர் கூட்டாகக் கொண்டாடும் பணியுரிமை. ‘பரம்பரை’ என்ற சொல் வழக்கில் இல்லாத ஒரு குடும்பத்தை உள்ளே கொணர்கிறது. ‘ஓதும் பதவி’ என்றால் உரிமை போய்விடுகிறது. ‘ஓதும் உரிமை’ என்றால் பதவி போய்விடுகிறது. மிராசு பதவியா, உரிமையா, இரண்டுமா என்பது நீதிமன்றம் ஆராய வேண்டியது. மொழிபெயர்ப்பாளர் அதற்கு முன்பே விடை எழுதிவிடலாகாது. பொருள் வழக்கிலிருக்கும் சொல்லைப் பெயர்க்காமல் விடுவதே நடுநிலை.

எண்ணைக் காக்கும் சொல்: பசலி

பசலி ‘பருவம், அறுவடை’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லடியாகப் பிறந்தது. வரித்தண்டலுக்காக அக்பர் காலத்தில் வடக்கே தொடங்கிய இவ்வாண்டுக் கணக்கு, பின்னர் தக்காணத்திலும் புகுந்தது. தமிழ்நாட்டில் பசலி ஆண்டு சூலை 1-இல் தொடங்கி மறு ஆண்டு சூன் 30-இல் முடிகிறது. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1433-ஆம் பசலி 2023 சூலையில் தொடங்கியது.

இதற்கு ‘வருவாய் ஆண்டு’ என்பது நல்ல விளக்கம். நல்ல பெயர்ப்பு அன்று. பிளேசு காலத்துக் கணக்கில் ‘பசலி 1205’ என்று இருப்பதை ‘1205-ஆம் வருவாய் ஆண்டு’ என்று எழுதினால், ஆவணம் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக்குப் போய்விடும். அது உண்மையில் 1795–96. பசலி என்னும் சொல்லே அந்த எண் எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதற்கான அடையாளம். கொல்லம், சகம், கலி என்பவற்றைப் போல அதையும் மாற்றக்கூடாது. அரசு அறிவிப்புகள் இதனை உணர்ந்தே நடக்கின்றன. ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கைக்கு ‘வருவாய்த் தீர்வாயம்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘ஜமாபந்தி’ என்றும் சேர்க்கின்றன. பசலியையோ அப்படியே விட்டுவிடுகின்றன. ஜமாபந்திக்கு மாற்று இயலும், பசலிக்கு இயலாது.

காலம் என்றதும் கிராம முன்சீப் நினைவுக்கு வருவார். நீதி வழங்குபவரைக் குறிக்கும் அரபுச் சொல் அது. தமிழக அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை 1980-இல் ஒழித்தபின் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதற்கு முற்பட்ட கதையிலோ பதிவேட்டிலோ வரும் முன்சீப்பைக் கிராம நிர்வாக அலுவலர் என்று பெயர்ப்பது, பழைய புகைப்படத்தில் புதிய தலையை ஒட்டுவதாகும்.

தண்டலும் வசூலும்

பூர்விகச் சொல்லின் பொருள் நகர்ந்துவிடும் நிலையும் உண்டு. வசூல் அரபு, தண்டல் தமிழ். வரி தண்டுதல் என்பது கல்வெட்டு முதல் இன்று வரை தொடரும் நல்ல வழக்கு. ஆனால் காஞ்சிபுரம் உள்ளிட்ட வடமாவட்டங்களின் பேச்சில் தண்டல் என்பது நாள்தோறும் வந்து வாங்கிச் செல்லும் வட்டிக்கடன். நெசவாளர் குடும்பங்களைப் பற்றிய ஆய்வறிக்கையைத் தமிழாக்கும்போது, கூட்டுறவுச் சங்கம் தவணையை ‘தண்டல் செய்தது’ என்று எழுதினால், அச்சங்கத்தைக் கந்துவட்டிக்காரராக்கிய பழி மொழிபெயர்ப்பாளரைச் சேரும். அங்கே வசூலே பொருந்தும். அரசு வரியைப் பற்றிய கட்டுரையில் தண்டலுக்குக் குறையில்லை. சொல்லின் தூய்மையைப் பார்ப்பதற்கு முன், அவ்வறிக்கையை யார் படிப்பர் என்று பார்க்கவேண்டும்.

சரிகை: மறைந்த வேரின் பயன்

காஞ்சிப் பட்டின் பெருமை சரிகையில் உள்ளது. பாரசீகத்தில் ‘சர்’ என்றால் பொன். சரிகை அதன் வழிவந்தது. ஆகவே ‘பொன்னிழை’ என்பது நேர்ப்பெயர்ப்பு; கவிதையிலும் விளம்பரத்திலும் அழகாகவே இருக்கும்.

சரிகையின் ஆக்கத்தைப் பார்த்தால் நிலைமை வேறு. பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் ஏற்றுவதே மரபான சரிகை. எடையில் வெள்ளியே மிகுதி. பொன் மிகச் சிறிய பங்கு. செயற்கை இழையின்மேல் செய்யப்படும் மலிவான வகைகளும் சந்தையில் சரிகை என்றே விற்கின்றன. தரச்சான்றிதழையோ, புவிசார் குறியீடு தொடர்பான விவரத்தையோ, நுகர்வோர் புகாரையோ தமிழாக்குபவர் ‘பொன்னிழை’ என்று எழுதினால், அவ்விழை பொன்னாலானது என்று ஆவணமே உறுதி கூறுவதாகிவிடும். ‘போலிச் சரிகை’ என்பது விளங்கும் சொல். ‘போலிப் பொன்னிழை’ என்பது நல்ல சரிகையையும் சேர்த்தே குறிக்கும், ஏனெனில் நல்ல சரிகையும் பொன்னன்று.

வேர்ப்பொருள் தமிழருக்குத் தெரியாமல் போனதே சரிகை என்னும் சொல்லின் வலிமை. பொன் என்னும் பொருள் அதில் மறைந்துபோய், ஒரு குறிப்பிட்ட முறையில் செய்த பொருளின் பெயராக மட்டும் அது நிற்கிறது. தெளிவான சொற்களால் ஆன புதுப்பெயர் தன் உறுப்புகளின் பொருளையும் இழுத்துக்கொண்டு வரும். மூலம் அறியப்படாத கடன்சொல்லுக்கு அச்சுமை இல்லை. ‘முலாம்’ என்னும் அரபு வழிச் சொல்லும் இத்தகையதே. பூச்சு என்றால் துடைத்தால் போகும் வண்ணமும் அடங்கும்; முலாம் உலோகத்தின்மேல் உலோகம் ஏற்றுவதை மட்டுமே குறிக்கும்.

எழுத்து வடிவம் பற்றி ஒரு சொல். ‘சரிகை’, ‘ஜரிகை’ இரண்டும் நூல்களில் உள்ளன. ‘பசலி’, ‘ஃபஸ்லி’ இரண்டும் உள்ளன. கிரந்த எழுத்து நீங்கிய வடிவம் ஏற்கெனவே வழக்கில் நிலைத்திருந்தால் அதனை ஆள்வது நன்று. கடன்சொல்லைக் காக்கவேண்டும் என்பது அதன் அயல் ஒலியையும் காக்கவேண்டும் என்பதாகாது. நேர்மேற்கோளாக எடுத்தாளும் ஆவணத்தில் மட்டும் உள்ளவாறே விடவேண்டும்.

கடன்சொல் வேண்டாத இடம்

கடன்சொல்லைக் காப்பதில் ஆர்வம் மிகும்போது வேறொரு பிழை நேர்கிறது. இந்தி, உருது நூல்களைப் பெயர்ப்போர் இசுலாமியக் கதைமாந்தரின் வாயில் நமாஸ், ரோஜா முதலிய பாரசீகச் சொற்களை அப்படியே வைப்பதுண்டு. இதனால் வட்டாரமணம் கிடைக்கும் என்பது அவர்தம் எண்ணம். தமிழ் முஸ்லிம்கள் தொழுகை என்கின்றனர், நோன்பு என்கின்றனர், பள்ளிவாசல் என்கின்றனர். இவை அச்சமூகத்தின் சொந்த வழக்கு. எவரும் ஆணையிட்டு உண்டாக்கியவை அல்ல. ‘ரோஜா வைத்தாள்’ என்று தமிழில் படிப்பவர் கூந்தலில் மலரைக் காண்பாரே அன்றி, பகல் முழுதும் நீரருந்தாத ஒரு பெண்ணைக் காணமாட்டார்.

மீள்பெயர்ப்பு இத்தேர்வுகளுக்கு எளிய சோதனை. பெயர்த்த பத்தியை மூலம் அறியாத ஒருவரிடம் தந்து, ஐயத்துக்குரிய சொல்லை மட்டும் மூலமொழிக்குத் திருப்பச் சொல்லவேண்டும். ‘பண்ணையார்’ மிராசுதாராகத் திரும்பாது; ‘பொன்னிழை’ சரிகையாகத் திரும்பாது; ‘வட்டாட்சியர்’ தாசில்தாராகத் திரும்பும். திரும்பும் சொல்லுக்குத் தமிழே இருக்கலாம். திரும்பாத சொல்லுக்கு மூலத்தில் நின்ற சொல்லையே வைத்து, முதல் வருகையில் விளக்கம் தருவதே தக்கது. இச்சோதனை காலத்தைக் காட்டாது என்பதையும் குறிப்பிடவேண்டும். 1795-இன் தாசில்தாரின் அதிகாரமும் இன்றைய வட்டாட்சியரின் அதிகாரமும் ஒன்றல்ல. சொல் திரும்பினாலும் பதவி திரும்பாது. கும்பினிக் கால ஆவணத்தில் அவரும் தாசில்தாராகவே இருக்கட்டும்.